இந்த விலை எதுவரை?

பண்ருட்டிப் பலாப்பழத்தைப் பற்றிக் கடலூர் மாவட்டத்து மாணவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பழத்திற்கு ஒரே நாளில் மூன்று விலை உண்டு. தோப்பில் மரத்தடியில் நின்று கேட்டால் ஒரு விலை. பண்ருட்டி மண்டியில் இறக்கிய பிறகு கேட்டால் வேறொரு விலை. சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபின் கேட்டால் இன்னொரு விலை. பழம் என்னவோ அதே பழந்தான். தோப்பு விலையில் அறுப்புக் கூலி சேரவில்லை. மண்டி விலையில் அது சேர்ந்துவிட்டது, வண்டிச் சத்தமும் சேர்ந்துவிட்டது. சென்னை விலையில் லாரி வாடகை, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, வழியில் அழுகிப்போனவற்றின் நட்டம் எல்லாமே சேர்ந்துவிட்டன. ஆகவே "பழம் என்ன விலை?" என்னும் கேள்வி பாதிக் கேள்விதான். "எந்த இடத்தில் என் கைக்கு வரும் விலை?" என்று கேட்டால்தான் அது முழுமை பெறுகிறது.

பலாப்பழ வியாபாரிக்கு இது பிள்ளைப் பருவத்திலேயே தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்திற்கும் கல்லூரிக்கும் சங்கத்திற்கும் பொருள் வாங்குகிற படித்த மனிதர்களுக்குத்தான் பல சமயங்களில் தெரிவதில்லை. நான்கு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி விலைப்புள்ளி வரவழைப்பார்கள். நான்கு எண்களையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்கள். எது சிறிய எண்ணோ அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிடுவார்கள். அந்த நான்கு எண்களும் நான்கு வெவ்வேறு பொருள்களின் விலை என்பது, லாரி வந்து வாசலில் நிற்கும்போதுதான் விளங்கும்.

நேயர்களே, இதனைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2019ஆம் ஆண்டில் சிதம்பரத்திலுள்ள ஒரு பள்ளிக்காகப் போட்ட கணக்கு இது. நான் அதற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பள்ளியின் செயலாளர் எனக்கு நெடுநாளையப் பழக்கம். "வந்து கொஞ்சம் பாருங்கள், ஐயா" என்று அழைத்ததனால் போயிருந்தேன். கணக்கு எளிதாகும் பொருட்டு எண்களைச் சற்றே முழுமைப்படுத்திச் சொல்கிறேன். அவற்றின் போக்கு மாறவில்லை.

அங்கே கீழ் வகுப்புப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய மாணவர்கள் ஒன்றுகூடி 2,30,000 ரூபாய் திரட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகைக்கு இரும்புச் சட்டமும் மரப் பலகையும் கொண்ட மேசை பெஞ்சுகள் வாங்குவது என்று தீர்மானம். ஒரு பெஞ்சில் மூன்று பிள்ளைகள் அமரலாம். ஐம்பது பெஞ்சுகளுக்கு விலை கேட்டு மூவருக்கு அலுவலகத்திலிருந்து ஒரு வரிக் கடிதம் போயிருந்தது. மூன்று பதில்கள் வந்திருந்தன. சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று பெஞ்சு 3,600 ரூபாய் என்றது. புதுச்சேரிப் பட்டறை ஒன்று 3,750 ரூபாய் என்றது. கடலூர்க்காரர் ஒருவர் 4,700 ரூபாய் என்று எழுதியிருந்தார்.

செயலாளர் முகமலர்ச்சியுடன் இருந்தார். "ஐயா, 3,600 வீதம் ஐம்பது பெஞ்சுக்கு 1,80,000 ரூபாய்தான் ஆகிறது. கையில் 2,30,000 இருக்கிறது. அறுபத்துமூன்றாகவே ஆர்டர் கொடுத்துவிடலாம். கடலூர்க்காரர் ஆயிரத்து நூறு ரூபாய் அதிகம் சொல்கிறார். அவருக்கு மனச்சாட்சி வேண்டாமா?" என்றார். கூடுதலாக வரும் பதின்மூன்று பெஞ்சுகள் என்றால் முப்பத்தொன்பது பிள்ளைகள் பாயைவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த ஆசையில் தவறில்லை. நான் மூன்று கடிதங்களையும் வாங்கிப் படித்தேன். சென்னைக் கடிதத்தின் அடியில், கையொப்பத்திற்கும் கீழே, சின்ன எழுத்தில் "விலை தொழிற்சாலை வாயிலில், மற்றவை தனி" என்று இருந்தது. புதுச்சேரிக் கடிதத்தில் "வரி தனி, லாரி வாடகை உள்ளபடி" என்று இருந்தது. கடலூர்க் கடிதத்தில் "எல்லாம் சேர்த்து, பள்ளியில் கொண்டுவந்து போட்டுத் தருகிறோம்" என்று இருந்தது. மூவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தோப்பு விலையைச் சொன்னார், ஒருவர் மண்டி விலையைச் சொன்னார், ஒருவர் வீட்டு வாசல் விலையைச் சொன்னார்.

அன்று மாலையே மூவருக்கும் ஒரே வாசகத்தில் மறு கடிதம் எழுதினோம். சிப்பம் கட்டும் செலவு எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு, அது எந்த இடம் வரையில், வரி எந்த வீதத்தில் எதன்மேல், இறக்குவதும் பொருத்துவதும் யார் பொறுப்பு, வழியில் உடைந்தால் நட்டம் யாருடையது என்று கேட்டோம். ஒரு வாரத்தில் பதில்கள் வந்தன.

சென்னைக்காரரின் 3,600 ரூபாய் வெறும் பெஞ்சின் விலை. ஐம்பதுக்கு 1,80,000. சிப்பத்திற்கு நூற்றுக்கு இரண்டு, அதாவது 3,600 ரூபாய். லாரி வாடகை 14,000 ரூபாய். மொத்தம் 1,97,600 ரூபாய். இந்த மொத்தத்தின்மேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரி 35,568 ரூபாய். ஆக அவர் பில்லில் வருவது 2,33,168 ரூபாய். அத்துடன் முடியவில்லை. பெஞ்சுகள் கழற்றிய நிலையில் வரும். சிதம்பரத்தில் லாரிக் கம்பெனியின் கிடங்கு வரையில்தான் வரும். தேர் வீதிகளை ஒட்டிய குறுகிய தெருவிலுள்ள அந்தப் பள்ளிக்குப் பெரிய லாரி நுழையாது. சிறு வண்டியில் மாற்றி ஏற்றிக் கொண்டுவந்து, இறக்கி, ஆள் வைத்துப் பூட்டிக்கொள்ள எங்கள் மதிப்பில் 6,000 ரூபாய். முடிவில் 2,39,168 ரூபாய். ஒரு பெஞ்சு ஏறக்குறைய 4,783 ரூபாய்.

புதுச்சேரிக்காரர் சிப்பம் விலையிலேயே அடங்கும் என்றார். ஐம்பதுக்கு 1,87,500 ரூபாய். "உள்ளபடி" என்று எழுதியிருந்த லாரி வாடகையை, பள்ளி வாசல் வரையில் 4,500 ரூபாய், அதற்குமேல் கேட்பதில்லை என்று உறுதி செய்தார். மொத்தம் 1,92,000 ரூபாய்; வரி 34,560; பில் தொகை 2,26,560. பெஞ்சுகள் பூட்டிய நிலையில் வரும். இறக்கி வகுப்பறையில் வைக்கும் கூலி மட்டும் எங்களுடையது, 3,000 ரூபாய். முடிவில் 2,29,560 ரூபாய். ஒரு பெஞ்சு 4,591 ரூபாய்.

கடலூர்க்காரருடையதில் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஐம்பதுக்கு 2,35,000 ரூபாய்.

முதல் தாளில் சென்னை, புதுச்சேரி, கடலூர் என்றிருந்த வரிசை, இரண்டாம் தாளில் புதுச்சேரி, கடலூர், சென்னை என்று ஆகிவிட்டது. ஆயிரத்து நூறு ரூபாய் அதிகம் சொன்னார் என்று ஏசப்பட்டவர், உண்மையில் சென்னைக்காரரைக் காட்டிலும் பெஞ்சுக்கு எண்பத்துமூன்று ரூபாய் குறைவாகச் சொல்லியிருந்தார். அறுபத்துமூன்று பெஞ்சு என்னும் கனவும் கலைந்தது. அந்த ஆர்டர் சென்னைக்குப் போயிருந்தால், 2,30,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று லட்சத்தை நெருங்கும் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். செயலாளர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எல்லாரையும் ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, ஐயா" என்றார். நான் ஒரு மணி நேரம் சொல்ல நினைத்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இந்தக் கணக்கில் மாணவர்கள் நின்று கவனிக்கவேண்டிய இடம் வரி. லாரி வாடகையின்மேலும் சிப்பத்தின்மேலும் 18 விழுக்காடு ஏன் ஏறிற்று? 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு சேவை வரிச் சட்டத்தில் 15ஆம் பிரிவு, விற்பவர் பொருளை ஒப்படைப்பதற்கு முன்போ ஒப்படைக்கும்போதோ செய்யும் காரியங்களுக்காக வாங்குபவரிடம் வசூலிக்கும் தொகையையும், சிப்பச் செலவையும் பொருளின் மதிப்போடு சேர்த்துத்தான் வரி கணக்கிட வேண்டும் என்கிறது. எனவே, "வாடகை 14,000" என்று தனியே எழுதியிருந்தாலும் நாம் கொடுப்பது 16,520 ரூபாய். பள்ளியே ஒரு லாரிக்காரரை நேரில் அமர்த்தி வாடகை கொடுத்தால் இந்த 18 விழுக்காடு அதன்மேல் ஏறாது; 2,520 ரூபாய் மிச்சமாகும். அவ்வாறு செய்தாலும் சென்னை விலை 2,36,648 ரூபாய் ஆகி, மூன்றில் பெரியதாகவே நின்றது. மேலும், நம் லாரியில் ஏற்றியபின் உடைந்தால் அது நம் நட்டம்.

வேறொன்றும் உண்டு. இதே பெஞ்சை ஒரு வியாபாரி வாங்கி விற்பாராயின், கட்டிய வரியைத் தாம் செலுத்தவேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். அவருக்கு வரி ஒரு செலவன்று. ஆகவே அவர் வரியை நீக்கிய விலைகளை ஒப்பிட வேண்டும். பள்ளிக்கு அவ்வாறு கழித்துக்கொள்ள வழியில்லை. கட்டிய வரி போனதுதான். எனவே வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து ஒப்பிடும் எண்ணே வேறாகிறது. புதுச்சேரி வேறு ஆட்சிப் பகுதியாயிற்றே, வரி குறைவாக இருக்குமே என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். விற்பனை வரி இருந்த நாளில் இரு பக்கத்து வீதமும் வேறுபடும். கடலூர்க்காரர்கள் இருபது கிலோமீட்டர் வடக்கே போய்ப் பொருள் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து பெஞ்சுக்கு எங்கே வாங்கினாலும் வீதம் ஒன்றே. கடலூர்ப் பில்லில் அது மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். புதுச்சேரிப் பில்லில் 18 என ஒன்றாக நிற்கும். தொகையில் மாற்றமில்லை.

சிறு பட்டறைக்காரர் சிலர் சரக்கு சேவை வரியில் இணக்க முறை என்னும் எளிய ஏற்பாட்டில் பதிவு செய்திருப்பார்கள். அவர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே அரசுக்குச் செலுத்த வேண்டும். வாங்குபவரிடம் வரி என்று தனியே வாங்கக்கூடாது. அத்தகையவர் பில்லில் வரியைத் தனி வரியாக எழுதியிருந்தால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

சரி, விலைப்புள்ளியில் ஒன்றுமே எழுதாமல் "3,600 ரூபாய்" என்று மட்டும் இருந்தால் என்ன பொருள்? "எல்லாம் அடங்கும் என்றுதானே கொள்ளவேண்டும்?" என்று ஒரு கல்லூரி மாணவர் என்னைக் கேட்டார். சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை. நம் நாட்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் 1930ஆம் ஆண்டினது. இன்றும் நடைமுறையில் இருப்பது. அதன் 36ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதபோது, விற்கும் சமயத்தில் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒப்படைத்தால் போதும் என்கிறது. அதாவது, பேசாதிருந்தால் தோப்பு விலைதான். 39ஆம் பிரிவு, பொருளை அனுப்பிவைக்க உடன்பட்டிருக்கும்போது, விற்பவர் அதனை லாரிக்காரரிடமோ ரயிலிலோ ஒப்படைத்துவிட்டால், மேற்பார்வைக்கு அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகக் கருதப்படும் என்கிறது. உளுந்தூர்ப்பேட்டை அருகில் லாரி பள்ளத்தில் இறங்கிக் கண்ணாடி நொறுங்கினால், சிதம்பரத்தில் இருப்பவர்தான் கையைப் பிசைய வேண்டும். அதே 36ஆம் பிரிவில் வாங்குபவருக்கு ஆதரவான வாசகமும் ஒன்று உண்டு: பொருளை ஒப்படைக்கத் தக்க நிலைக்குக் கொண்டுவரும் செலவு, வேறு உடன்பாடு இல்லையேல், விற்பவருடையது. ஆனால் நீண்ட பயணத்திற்கான மரப்பெட்டி அந்தச் செலவில் சேருமா என்பதை இரு தரப்பும் நெடுநேரம் வாதிக்கலாம். வாதத்திற்கு ஆகும் செலவைவிட ஒரு வரி கேட்டு எழுதுவது மலிவு.

வியாபாரிகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சில சுருக்கெழுத்துகளை வழங்கி வருகிறார்கள். நம் நாட்டில் மிகுதியாகக் காண்பது எப்.ஓ.ஆர். என்பது. குறிப்பிட்ட ரயில் நிலையத்தில் சரக்கை ரயிலில் ஏற்றுவது வரையிலான செலவு விற்பவருடையது, அப்பாலுள்ளது வாங்குபவருடையது என்பது அதன் பழைய பொருள். நாளடைவில் லாரிச் சரக்குக்கும் அதுவே வழங்கலாயிற்று. "எப்.ஓ.ஆர். சென்னை" என்றால் சென்னையில் ஏற்றிவிடுவதோடு அவர் கடமை தீர்ந்தது. "எப்.ஓ.ஆர். சிதம்பரம்" என்று எழுதினாலோ, இக்கால வழக்கில், சிதம்பரம் வந்து சேரும் வாடகையும் விலையில் அடங்கியது என்று கொள்கிறார்கள். மூன்றெழுத்துக்குப் பின்வரும் ஊர்ப் பெயரில்தான் பணம் இருக்கிறது. ஊர்ப் பெயரே இல்லாமல் வெறும் "எப்.ஓ.ஆர்." என்று எழுதிய விலைப்புள்ளிகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். அவற்றிற்குப் பொருளே கிடையாது. வாங்குபவர் தம் ஊர் என்று படிப்பார். விற்பவர் தம் ஊர் என்று எழுதியிருப்பார்.

கடல் கடந்த வாணிகத்தில் இதே தொல்லை இன்னும் பெரிது. கப்பலில் ஏற்றும் வரையிலா, கரை சேரும் வரையிலா, காப்புறுதி யாருடையது என்பதை ஒவ்வொரு துறைமுகமும் தன் வழக்கப்படி பொருள் கொண்டால் வழக்குமன்றங்கள்தாம் வாழும். ஆகவே பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1936ஆம் ஆண்டில் இச்சொற்களுக்குப் பொதுவான விளக்கத்தை வெளியிட்டது. "இன்கோடெர்ம்ஸ்" என்று அதற்குப் பெயர். பலமுறை திருத்தப்பெற்று, 2020இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் பதினொரு சொற்கள் இருக்கின்றன. அவற்றிலும் சொல்லுக்குப் பின் இடத்தின் பெயரை எழுதியே தீரவேண்டும். பண்ருட்டி முந்திரிப் பருப்பை வெளிநாட்டுக்கு விற்கும் வணிகர் இந்தச் சொற்களைச் சரளமாக வழங்குவார். அவரிடம் போய்க் கேட்டால் பாடநூலைவிட நன்றாக விளக்குவார்.

சிப்பம் என்பது பெஞ்சுக்குச் சிறு செலவுதான். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கலங்களுக்கு அதுவே பாதி விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்குப் பியூரெட்டுகளும் குடுவைகளும் வரவழைத்தார்கள். விலை மிகவும் குறைவு. சிப்பத்தைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. சரக்கு, பெறுபவரே வாடகை செலுத்தும் முறையில், லாரிக்காரர் வழக்கில் "டு பே" என்னும் முறையில் வந்து சேர்ந்தது. வாடகை கட்டினால்தான் பெட்டியை விடுவோம் என்றார்கள். பள்ளியில் அந்த இனத்திற்குப் பணம் ஒதுக்கவில்லை. ஒப்புதல் பெற்றுப் பணம் கட்டுவதற்குள் பன்னிரண்டு நாள் கழிந்தது. கிடங்கு வாடகை வேறு ஏறிற்று. பெட்டியைத் திறந்தால், அட்டைப் பெட்டிக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருந்தது. ஆறு பியூரெட்டுகளில் இரண்டுதான் முழுமையாக இருந்தன. விற்றவருக்கு எழுதியபோது, "லாரியில் ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது" என்று பதில் வந்தது. அதை மறுப்பதற்கு அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அந்த ஆண்டுச் செய்முறைத் தேர்வை இரவல் கலங்களை வைத்து நடத்தினார்கள்.

ஆகவே, விலை கேட்கும் முதல் கடிதத்திலேயே கேள்வியையும் சேர்த்துவிட வேண்டும். நான் வழங்கும் வாசகம் இது: "பொருளைச் சிதம்பரத்தில் எங்கள் பள்ளி வளாகத்துக்குள் இறக்கி வைப்பது வரையில் ஆகும் எல்லாச் செலவும் சேர்ந்த மொத்தத் தொகையைக் குறிப்பிடுக. அத்தொகையில் பொருளின் விலை, சிப்பம், வாடகை, காப்புறுதி, வரி, இறக்கிப் பொருத்தும் கூலி ஆகியவை தனித்தனியே எவ்வளவு என்றும் காட்டுக. எந்த இனத்தின் எதிரிலும் வெற்றிடம் விட வேண்டா. தொகை இல்லையெனில் 'அடங்கும்' என்றோ 'எங்கள் பொறுப்பன்று' என்றோ எழுதுக. இங்கே காட்டப்படாத கட்டணம் எதுவும் பின்னர் ஏற்கப்படமாட்டாது. விலை எந்தத் தேதி வரையில் செல்லும் என்பதையும், இடையில் வரி வீதம் மாறினால் கூடுதலும் குறைவும் யாரைச் சேரும் என்பதையும் தெரிவிக்க."

மொத்தமும் வேண்டும், பிரிவும் வேண்டும் என்று இரண்டையும் ஏன் கேட்கிறோம்? ஒப்பிடுவதற்கு மொத்தம் போதும். ஆனால் கடைசி நேரத்தில் எண்ணிக்கை மாறும். ஐம்பது பெஞ்சுக்குப் பதில் இருபத்தைந்து போதும் என்று ஆனால், பெஞ்சின் விலை பாதியாகும். லாரி வாடகை பாதியாகாது. முன்பு பெஞ்சுக்கு 280 ரூபாயாக இருந்த வாடகை, அதே 14,000 ரூபாயை இருபத்தைந்தால் வகுத்தால், 560 ரூபாய் ஆகிவிடும். பிரிவு இல்லாத மொத்தத்தை வைத்துக்கொண்டு இதனைக் கணிக்க முடியாது.

வரி வீதம் மாறுவது ஏட்டளவிலான ஐயமன்று. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி சிமெண்டின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்தது. வரி நீங்கலாக 300 ரூபாய் விலையுள்ள ஒரு மூட்டை, அதற்கு முந்தைய நாள் வரி சேர்த்து 384 ரூபாய். மறுநாள் 354 ரூபாய். ஆகஸ்டில் "எல்லாம் சேர்த்து 384" என்று விலைப்புள்ளி பெற்று, அக்டோபரில் சரக்கு எடுத்தவருக்கு அந்த முப்பது ரூபாய் திரும்பி வந்ததா என்பது, அவர் கடிதத்தில் என்ன எழுதி வாங்கியிருந்தார் என்பதைப் பொறுத்தது.

கேள்வியை எல்லாரிடமும் ஒரே சமயத்தில், ஒரே வாசகத்தில் கேட்பது முறை. விலைகளைப் பிரித்துப் பார்த்தபின் ஒருவரை மட்டும் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் விலையில் வாடகை உண்டா?" என்று கேட்டால், மற்றவர் விலையை அறிந்துகொண்டு அவர் விடை சொல்ல இடமாகிறது. குறைவான விலை சொன்னவர் "வாடகை தனி" என்பார். அதிக விலை சொன்னவர் "எல்லாம் அடங்கும்" என்பார். உண்மை எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. அரசுக் கொள்முதலில் இத்தகைய ஐயத்துக்கு இடமிருத்தல் கூடாது என்றுதான் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை குறித்த தமிழ்நாட்டுச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த விதிகள், சொன்ன விலையில் கூட்டல் கழித்தல் பிழைகளைத் திருத்துவது, எழுத்தாலும் எண்ணாலும் எழுதிய விலைகள் முரண்பட்டால் குறைந்ததைக் கொள்வது, வரிகளைக் கணக்கில் சேர்ப்பது ஆகியவற்றுக்கெல்லாம் முறை வகுத்திருக்கின்றன. சிறு பள்ளிக்கு அத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. கேள்வியும் எழுத்தில், விடையும் எழுத்தில், எல்லார்க்கும் ஒரே கெடு என்றால் போதும்.

எந்தக் கேள்விக்கும் அடங்காத சில வேறுபாடுகள் மிஞ்சும். அவற்றை ரூபாயாக்க முயல்வது வீண். சிதம்பரத்துப் பெஞ்சு விஷயத்தில், புதுச்சேரிக்காரருக்கும் கடலூர்க்காரருக்கும் 5,440 ரூபாய் வித்தியாசம். கடலூர்க்காரர் ஓராண்டுக் காலம் பற்றவைப்பு விட்டுப்போனால் ஆள் அனுப்பிச் சரி செய்வதாகவும் எழுதியிருந்தார்; கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். அந்த வாக்குக்கு 5,440 ரூபாய் கொடுக்கலாமா என்று குழுவில் நல்ல வாதம் நடந்தது. கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் கையில் இருந்ததோ 2,30,000 ரூபாய். புதுச்சேரிக்காரரிடம், உடைவுப் பொறுப்பு பள்ளி வாசல் வரையில் அவருடையதே என்று எழுதி வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுத்தார்கள். பெஞ்சுகள் வந்தபோது ஐம்பதில் இரண்டின் கால்கள் வளைந்திருந்தன. லாரி ஓட்டுநரிடமே ரசீதின் பின்புறம் அதனைக் குறித்துக் கையொப்பம் வாங்கினார் அலுவலக எழுத்தர். பத்து நாளில் அந்த இரண்டும் மாற்றி வந்தன, வாடகை கேட்கவில்லை. கையில் மீதியிருந்த 440 ரூபாய்க்குப் பெஞ்சுகளில் வகுப்பு எண் எழுதச் சாயமும் தூரிகையும் வாங்கினார்கள்.